திரையில் இருந்த லாட் தாளில் இல்லை: டாஷ்போர்டைப் பிடிஎஃப் ஆக்கும்போது நடப்பது என்ன?

திருப்பூரில் நான் பணிபுரியும் பின்னலாடை நிறுவனத்தில், சனிக்கிழமை காலை பத்து மணிக்கு ஆர்டர் நிலவரக் கூட்டம் நடக்கும். முதலாளி, இரண்டு மெர்ச்சண்டைசர்கள், கட்டிங் பொறுப்பாளர், டையிங்குக்குத் துணி அனுப்புகிறவர், பேக்கிங் பொறுப்பாளர் ஆகியோர் ஆளுக்கொரு அச்சிட்ட தாளோடு உட்கார்ந்து, ஒவ்வொரு லாட்டும் எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்று பேனாவால் குறித்துக்கொண்டே பேசுவார்கள். அந்தத் தாள், பவர் பிஐயில் நான் உருவாக்கிய டாஷ்போர்டிலிருந்து பிடிஎஃப் ஆக எடுக்கப்படுவது. முதன்முறை அதைக் கொடுத்த அன்று, டையிங் பொறுப்பாளர் தாளை இரண்டு முறை புரட்டிப் பார்த்துவிட்டு, "ஏனுங்க தம்பி, நேவி புளூ லாட்டு ஒண்ணு சாயப்பட்டறையில நிக்குதுங்களே, அதையே காணோமுங்களே?" என்று கேட்டார். திரையில் அந்த லாட் இருந்தது, தாளில் இல்லை. கூட்டத்திற்கு வந்திருந்த மற்றவர்களோ, தாளில் இருப்பதுதான் முழு நிலவரம் என்று நம்பிக் கட்டிங்குக்கு நாள் குறித்துக்கொண்டிருந்தார்கள்.

அந்த லாட் எப்படிக் காணாமல் போயிற்று என்பதைத் தேடிப் போனதில் எனக்குப் புரிந்தவற்றைத்தான் இங்கே எழுதுகிறேன். வெட்டுப்பட்ட அட்டவணை, படிக்க முடியாத பொடி எழுத்து, தவறான இடத்தில் முறியும் பக்கம் ஆகிய மூன்றும் தனித்தனிக் கோளாறுகள் போலத் தோன்றினாலும், அவற்றின் வேர் ஒன்றுதான். டாஷ்போர்டின் பக்கம் திரைக்காக அளக்கப்பட்டது. தாளுக்கு வேறு அளவு உண்டு. அந்த வேறுபாட்டை ஏற்றுமதி செய்யும் பொத்தான் தானாகச் சரிசெய்வதில்லை.

பவர் பிஐ டெஸ்க்டாப்பில் `File` பட்டியலுக்குள் `Export`, அதற்குள் `Export to PDF` என்று தேர்ந்தெடுத்தால், அறிக்கையின் ஒவ்வொரு பக்கமும் பிடிஎஃபில் ஒரு பக்கமாக மாறுகிறது. இதில் கவனிக்க வேண்டிய சொல் 'ஒவ்வொரு பக்கமும் ஒரு பக்கமாக' என்பதுதான். சொற்செயலியில் ஒரு கட்டுரை நீண்டால் அடுத்த பக்கம் தானாகப் பிறக்கும். பவர் பிஐயின் பக்கம் அப்படி வளராது. அது குறிப்பிட்ட அகலமும் உயரமும் கொண்ட ஒரு சட்டகம். அதற்குள் ஒவ்வொரு அட்டவணையும் இன்னொரு சிறிய சட்டகம். சட்டகத்தைவிட அட்டவணை நீளமாக இருந்தால் திரையில் ஓர் உருள்பட்டை தோன்றும், நாம் சுட்டியால் இழுத்து மிச்சத்தைப் பார்த்துக்கொள்வோம். பிடிஎஃபிற்குள் அந்த உருள்பட்டையை யாரும் இழுக்க முடியாது. எனவே உருட்டப்படாத நிலையில் அட்டவணையின் முதல் வரிசைகள் எவ்வளவு தெரியுமோ அவ்வளவுதான் தாளுக்கு வரும்.

என் அட்டவணையில் அன்று 46 லாட்டுகள் இருந்தன. சட்டகத்திற்குள் தெரிந்தவை 14. நேவி புளூ லாட் 31ஆம் வரிசையில் இருந்தது. எந்தப் பிழைச்செய்தியும் வரவில்லை. பதினான்காம் வரிசை முடிந்த இடத்தில் அட்டவணை இயல்பாக முடிந்ததைப் போலவே தாள் காட்டியது. அதுவும் போதாதென்று, அட்டவணையின் அடியிலிருந்த மொத்த வரி 46 லாட்டுகளின் கூட்டுத்தொகையைச் சரியாகக் காட்டிக்கொண்டிருந்தது. மேலே இருக்கும் வரிசைகளைக் கூட்டினால் அந்தத் தொகை வராது. ஆனால் கூட்டத்தில் யார் உட்கார்ந்து கூட்டிப் பார்ப்பார்கள்? படம் பாதியில் வெட்டுப்பட்டிருந்தால் கண்ணுக்குத் தெரியும். இந்தக் குறை தெரியவே தெரியாது என்பதால், டாஷ்போர்டைத் தாளாக்குவதில் மிக ஆபத்தானது இதுதான் என்பது என் கருத்து.

இதைக் கண்டுகொள்ள ஓர் எளிய வழி உண்டு. அட்டவணைக்கு மேலே எத்தனை லாட்டுகள் இருக்க வேண்டும் என்பதை எண்ணாகக் காட்டும் ஒரு சிறு அட்டையை வைத்துவிட்டு, அட்டவணையின் முதல் பத்தியில் வரிசை எண்ணையும் போட வேண்டும். மேலே 46 என்றும் கடைசி வரிசையில் 14 என்றும் இருந்தால், கணினி தெரியாதவர்கூட மிச்சம் எங்கே என்று கேட்டுவிடுவார். எண்ணுக்குத் தேவையான சூத்திரம் ஒற்றை வரிதான்:

```
Lot Count = COUNTROWS(Lots)
```

பக்கத்தை நீட்டிப் பார்த்தது

முதலில் எனக்குத் தோன்றிய தீர்வு, பலருக்கும் முதலில் தோன்றக்கூடியதுதான். அட்டவணைக்கு இடம் போதவில்லை என்றால் பக்கத்தை நீட்டிவிடலாமே? பவர் பிஐயில் வெற்றிடத்தில் சொடுக்கி, வடிவமைப்புப் பலகையில் `Canvas settings` என்பதற்குள் போனால், `Type` என்ற இடத்தில் `16:9` என்று இருக்கும். அதன் பொருள் 1280 பிக்சல் அகலமும் 720 பிக்சல் உயரமும் என்பதாகும். அதை `Custom` என்று மாற்றி உயரத்தை 2400 ஆக்கினேன். இரண்டு வரைபடங்களுக்கும் கீழே 46 வரிசைகளும் உருள்பட்டை இல்லாமல் அமர்ந்தன. பிடிஎஃபிலும் அனைத்தும் வந்தன. மறு சனிக்கிழமை அச்சிட்ட தாளைக் கையில் வாங்கிய முதலாளி, கண்ணாடியைக் கழற்றி, தாளை முகத்தருகே கொண்டுபோய், பிறகு மேசைமேல் வைத்துவிட்டார். எழுத்து எறும்பு ஊர்வதைப் போல இருந்தது.

ஏன் அப்படி ஆயிற்று என்பதற்கு ஒரு சிறு கணக்குப் போட வேண்டும். இந்தக் கணக்கை ஒருமுறை புரிந்துகொண்டால், அச்சிட்டுப் பார்க்காமலேயே எழுத்து எவ்வளவு பெரிதாக வரும் என்று முன்கூட்டியே சொல்லிவிடலாம். ஓர் அங்குலத்திற்கு 96 பிக்சல் என்பது திரை அளவுகளுக்கு வழக்கமாகக் கொள்ளப்படும் கணக்கு. எனவே 2400 பிக்சல் என்பது 25 அங்குலம், அதாவது 635 மில்லிமீட்டர். ஏ4 தாளின் நீளமோ 297 மில்லிமீட்டர். 635ஐ 297க்குள் அடக்க வேண்டுமானால், ஒவ்வொன்றும் ஏறத்தாழ 0.47 மடங்காகச் சுருங்கியாக வேண்டும். அட்டவணையில் நான் வைத்திருந்தது 9 பாயிண்ட் எழுத்து. அதை 0.47ஆல் பெருக்கினால் 4.2 பாயிண்ட் வருகிறது. நாளிதழில் வரும் வரி விளம்பரத்தின் எழுத்துகூட அதைவிடப் பெரிது. வடிவமைப்புப் பலகையில் 9 என்றே எழுதியிருக்கும். திரையிலும் நன்றாகத்தான் தெரியும். தாளில் விழுவது மட்டும் 4.2.

இதே கணக்கை நீட்டப்படாத பழைய பக்கத்திற்குப் போட்டால் என்ன ஆகும்? 1280 பிக்சல் என்பது ஏறத்தாழ 339 மில்லிமீட்டர். ஏ4 தாளைக் கிடைமட்டமாக வைத்தால் அகலம் 297. சுருக்கம் 0.88 மடங்கு. 10 பாயிண்ட் எழுத்து 8.8 பாயிண்டாக வரும்; அது பரவாயில்லை. ஆனால் சிலர் பெரிய திரைக்குப் பொருத்தமாக இருக்கும் என்று பக்கத்தை 1920க்கு 1080 என்று வைத்துக்கொள்கிறார்கள். அதன் அகலம் 508 மில்லிமீட்டர், சுருக்கம் 0.58 மடங்கு, அதே 10 பாயிண்ட் எழுத்து தாளில் 5.8 ஆகிவிடும். இரண்டு பேர் ஒரே எழுத்தளவை வைத்திருந்தும் ஒருவருடைய தாள் படிக்க முடிவதாகவும் மற்றவருடையது படிக்க முடியாததாகவும் வருவதற்குக் காரணம் இதுதான். எழுத்தின் அளவை மட்டும் கூட்டிக்கொண்டே போகிறவர்கள் பக்கத்தின் அளவைப் பார்க்கத் தவறுகிறார்கள்.

தமிழில் பெயர்களை வைப்பவர்கள் இன்னும் சற்று எச்சரிக்கையாக இருக்க வேண்டும். ஆங்கில எழுத்தும் எண்களும் தாளில் 7 பாயிண்டில் ஓரளவு தாங்கும். தமிழில் மெய்யெழுத்தின் புள்ளியும் இகர ஈகாரக் கொக்கிகளும் அந்த அளவில் ஒன்றோடொன்று கலந்துவிடுகின்றன. லேசர் அச்சில் 'லி'யும் 'லீ'யும் ஒன்றுபோலத் தெரியும். தாளில் விழும் அளவு தமிழுக்கு 9 பாயிண்டுக்குக் குறையக்கூடாது என்பதை என் வேலைக்கு நான் விதியாக வைத்துக்கொண்டிருக்கிறேன்.

தாளின் அளவிலேயே தொடங்குவது

கணக்கைத் திருப்பிப் போட்டால் வழி கிடைக்கிறது. 297 மில்லிமீட்டரும் 210 மில்லிமீட்டரும், 96 பிக்சல் கணக்கில், 1123 பிக்சலும் 794 பிக்சலும் ஆகும். `Canvas settings` பகுதியில் `Custom` என்று வைத்து அகலம் 1123, உயரம் 794 என்று எழுதிவிட்டால், டாஷ்போர்டின் பக்கம் கிடைமட்ட ஏ4 தாளின் அதே விகிதத்தில் அமைகிறது. அதன்பின் தாளில் பொருந்த அச்சிடும்போது சுருக்கம் ஏறக்குறைய இருக்காது. பலகையில் 10 என்று எழுதியிருந்தால் தாளிலும் கிட்டத்தட்ட 10தான். பழைய 16:9 பக்கத்தை ஏ4இல் அச்சிடும்போது மேலும் கீழுமாகச் சேர்ந்து 43 மில்லிமீட்டர் வெற்றுப் பட்டை வீணாகிக்கொண்டிருந்தது. அந்த இடமும் நமக்குக் கிடைத்துவிடுகிறது.

இதில் ஒரு சிறு நுணுக்கம் இருக்கிறது. பெரும்பாலான அலுவலக அச்சுப்பொறிகள் தாளின் விளிம்பு வரை மை பதிப்பதில்லை; சில மில்லிமீட்டர் ஓரத்தை விட்டுவிடும். பிடிஎஃபை அச்சிடும்போது `Actual size` என்று தேர்ந்தெடுத்தால் அந்த ஓரத்தில் இருப்பது வெட்டுப்படும். `Fit` என்று தேர்ந்தெடுத்தால் முழுப் பக்கமும் இன்னும் சற்றுச் சுருங்கும். நான் பக்கத்தின் நான்கு பக்கமும் 20 பிக்சல், அதாவது ஏறத்தாழ 5 மில்லிமீட்டர், எதுவும் வைக்காமல் விட்டுவிடுகிறேன். அப்போது எதைத் தேர்ந்தெடுத்தாலும் இழப்பில்லை. கடைசி வரைபடத்தின் வலது ஓரத்தில் இருக்கும் மாதப் பெயர் மட்டும் வெட்டுப்படுகிறது என்று யாராவது சொன்னால், பெரும்பாலும் காரணம் பவர் பிஐயில் இல்லை; இந்த ஓரத்தில்தான் இருக்கிறது.

ஏற்கெனவே இருக்கும் பக்கத்தின் அளவை மாற்றும்போது, அதிலுள்ள காட்சிகள் தாமாக மறுசீரமைத்துக்கொள்ளும் என்று எதிர்பார்க்கக் கூடாது. 1280 அகலத்தில் வலது ஓரமாக இருந்த வரைபடம், அகலம் 1123 ஆனதும் எல்லைக்கு வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். எனவே திரைக்கான பக்கத்தை அப்படியே விட்டுவிட்டு, அதன் நகலை எடுத்து, நகலுக்குத் தாளின் அளவைக் கொடுத்து, காட்சிகளை அதில் கையால் நகர்த்திப் பொருத்துவது நல்லது. அப்படிப் பொருத்தும் வேளையில்தான், சுட்டியைக் கொண்டுபோனால் மட்டும் தெரிகிற விவரங்கள் எவ்வளவு இருக்கின்றன என்பதும் தெரியவரும். பட்டை வரைபடத்தில் ஸ்டைலின் பெயர் நீளமாக இருந்தால் பாதியில் மூன்று புள்ளி விழும். திரையில் சுட்டியை வைத்தால் முழுப் பெயர் தெரியும். தாளில் மூன்று புள்ளி மூன்று புள்ளியாகவே இருக்கும். தாளுக்கான நகலில் `Data labels` வசதியை இயக்கி, அச்சின் பெயர்களுக்கு அகலம் கூட்டி, 22 ஸ்டைல்களும் உருள்பட்டை இல்லாமல் தெரிகின்றனவா என்று பார்த்துவிட வேண்டும். வரைபடங்களுக்கும் உருள்பட்டை வரும் என்பதையும், அதுவும் அட்டவணையைப் போலவே மிச்சத்தை விழுங்கிவிடும் என்பதையும் பலர் மறந்துவிடுகிறார்கள்.

வடிகட்டிகளும் அப்படியே. வலது பக்கத்து வடிகட்டிப் பலகை பக்கத்திற்கு வெளியே இருப்பதால் அது தாளுக்கு வராது. ஒரு பையரை மட்டும் தேர்ந்தெடுத்த நிலையில் எடுத்த பிடிஎஃப், எல்லாப் பையர்களின் நிலவரம் போலவே தோற்றமளிக்கும். இணையத்தில் உள்ள பவர் பிஐ சேவையிலிருந்து எடுக்கும்போது `Current values`, `Default values` என்று ஒரு தேர்வு கேட்கப்படும். முன்னது நீங்கள் இப்போது தேர்ந்திருப்பதை அப்படியே எடுக்கும், பின்னது அறிக்கையை வெளியிட்டவர் சேமித்துவைத்த நிலையை எடுக்கும். அவசரத்தில் மாற்றித் தேர்ந்தால் தாள் தவறாகிவிடும். தவறு கண்ணில் படாது. எனவே தலைப்புக்குக் கீழே, இந்தப் பக்கம் எந்தப் பையர்களுக்கானது என்று எழுதிக்காட்டும் ஒரு வரியை நான் வைத்திருக்கிறேன்:

```
Shown = "Buyer: " & CONCATENATEX(VALUES(Lots[Buyer]), Lots[Buyer], ", ")
```

நீண்ட அட்டவணைக்கு வேறு கருவி

பக்கத்தின் அளவைச் சரிசெய்தது சுருக்கத் தாளுக்குப் போதுமாக இருந்தது. நான்கு எண் அட்டைகள், கட்டவாரியாக ஆர்டர் நிலையைக் காட்டும் பட்டை வரைபடம், டெலிவரி தேதி நெருங்கும் ஆறு ஸ்டைல்கள் ஆகியவை 1123க்கு 794 பக்கத்தில் இடைவெளியோடு அமர்ந்தன. 46 லாட்டுகள் மட்டும் அமரவில்லை. வரிசை எண்ணை வைத்து வடிகட்டி, 1 முதல் 23 வரை ஒரு பக்கம், 24 முதல் 46 வரை இன்னொரு பக்கம் என்று பிரித்துப் பார்த்தேன். அந்த வாரம் சரியாக வந்தது. அடுத்த வாரம் லாட்டுகள் 53 ஆயின. கடைசி ஏழு லாட்டுகள் இரண்டு பக்கங்களிலும் இடம்பெறவில்லை. வரிசைகளின் எண்ணிக்கை வாரந்தோறும் மாறும் அட்டவணையை, வளராத சட்டகத்திற்குள் திணிக்கும் எந்த உபாயமும் ஒருநாள் கைவிடும். அதன்பின் அந்த முயற்சியை நான் விட்டுவிட்டேன்.

இந்த வேலைக்கென்றே இருப்பது `Paginated report` எனப்படும் பக்கவாரி அறிக்கை. அதை உருவாக்கும் `Power BI Report Builder` என்ற இலவசச் செயலி தனியாகக் கிடைக்கிறது. டாஷ்போர்டு பயன்படுத்தும் அதே தரவு மாதிரியோடு அதை இணைத்துக்கொள்ளலாம். இங்கே பக்கத்தின் அளவு தாளின் அளவாகவே எழுதப்படுகிறது. வரிசைகள் கூடினால் பக்கங்கள் கூடுகின்றன. வரைபடங்களைச் சுட்டியால் தொட்டுத் தொட்டுப் பார்க்கும் சுகம் இதில் இல்லை. தாளில் பேனாவால் குறிக்கப்போகும் பட்டியலுக்கு அது தேவையும் இல்லை.

ஆனால் இதற்கும் தனக்கென்று ஒரு கணக்கு உண்டு; அதில் தவறினால் வேறொரு தொல்லை வரும். செயலி தொடக்கத்தில் கொடுப்பது அமெரிக்க லெட்டர் தாளின் அளவு, எட்டரைக்குப் பதினோரு அங்குலம். நம் ஊரில் யாரிடமும் அந்தத் தாள் இல்லை. எனவே முதலில் `Report Properties` பெட்டியில் தாளை ஏ4 என்று மாற்ற வேண்டும். நான் அதைச் செங்குத்தாக வைத்து, இடமும் வலமும் ஒன்றரை சென்டிமீட்டர் ஓரம் விட்டேன். 21 சென்டிமீட்டர் தாளில் மூன்று போக மீதம் 18. எழுத்துகளும் கட்டங்களும் அமரும் பகுதிக்கு அந்தச் செயலியில் `Body` என்று பெயர். அதன் அகலம் 18ஐத் தாண்டக்கூடாது என்பதுதான் விதி.

என் பத்திகளை இப்படிப் பங்கிட்டேன்: ஸ்டைலுக்கு 3 சென்டிமீட்டர், லாட் எண்ணுக்கு 1.8, நிறத்துக்கு 2.4, எண்ணிக்கைக்கு 2, கட்டத்துக்கு 2.4, டெலிவரி தேதிக்கு 2.2, குறிப்புக்கு 4.2. கூட்டினால் சரியாக 18. ஆனால் பிடிஎஃப் ஆக எடுத்தபோது இரண்டு பக்கம் வர வேண்டியது நான்கு பக்கம் வந்தது. இரண்டாவதும் நான்காவதும் வெறும் வெள்ளைத் தாள். கூட்டல் சரியாக இருந்தும் இப்படி ஏன் வந்தது? அட்டவணையை இழுத்துவைத்தபோது அதன் இடது விளிம்பு சுவரோடு ஒட்டாமல் 0.2 சென்டிமீட்டர் தள்ளி நின்றிருந்தது. 18உம் 0.2உம் சேர்ந்து 18.2 ஆனதால், அட்டவணைக்கு இடம் கொடுக்க `Body` தானாகவே அகன்றுகொண்டது. வலப்புறம் மிஞ்சிய அந்த 2 மில்லிமீட்டர் துண்டுக்காக ஒவ்வொரு பக்கத்திற்கும் ஒரு கூடுதல் பக்கம் பிறந்தது. அட்டவணையின் `Left` மதிப்பைப் பூச்சியமாக்கினேன். அதன்பின் இன்னொரு வேலையும் செய்ய வேண்டியிருந்தது: அட்டவணையை நகர்த்தினாலும் அகன்ற `Body` தானாகச் சுருங்குவதில்லை, அதன் வலது விளிம்பைக் கையால் இழுத்து 18க்குக் கொண்டுவர வேண்டும். ஒன்றுவிட்டு ஒரு பக்கம் வெறுமையாக வரும் பிடிஎஃபை யாராவது காட்டினால், வேறு எதையும் பார்க்கும் முன் இந்த அகலத்தைப் பார்ப்பது நேரத்தை மிச்சப்படுத்தும்.

அடுத்தது பக்கம் முறியும் இடம். லாட்டுகளைப் பையர்வாரியாகத் தொகுத்திருந்தேன். முதல் பக்கத்தின் கடைசி வரியில் ஒரு பையரின் பெயர் மட்டும் தனியாக நின்றது. அவருடைய லாட்டுகள் எல்லாம் அடுத்த பக்கத்தின் தலையில் போய் விழுந்தன. அந்த இரண்டாம் பக்கத்தில் பத்தித் தலைப்புகளும் இல்லாததால், 4,800 என்பது ஆர்டர் எண்ணிக்கையா, தைத்து முடிந்ததா என்று முதல் பக்கத்தைத் திருப்பிப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

தலைப்பு ஒவ்வொரு பக்கத்திலும் வர வேண்டும் என்று தேடுகிறவர்களின் கண்ணில் முதலில் படுவது, அட்டவணையின் பண்புகளில் உள்ள 'தலைப்பு வரிசைகளை ஒவ்வொரு பக்கத்திலும் காட்டு' என்ற பொருள்படும் கட்டம். அதைக் குறியிட்டாலும், என் அட்டவணையைப் போன்ற சாதாரண வரிசை அட்டவணையில் எதுவும் நடக்காது. நெடுக்கும் குறுக்குமாகத் தொகுக்கப்பட்ட அட்டவணைகளுக்கே அது பயன்படும். உண்மையான அமைப்பு வேறிடத்தில் மறைந்திருக்கிறது. கீழே உள்ள தொகுதிப் பலகையின் வலது ஓரத்துச் சிறு முக்கோணத்தைச் சொடுக்கி `Advanced Mode` என்று தேர்ந்தால், வரிசைத் தொகுதிகளுக்கிடையே `(Static)` என்ற உறுப்புகள் தோன்றும். தலைப்பு வரிசைக்குரிய முதல் `(Static)` உறுப்பைத் தேர்ந்து, பண்புப் பலகையில் `KeepWithGroup` என்பதை `After` என்றும், `RepeatOnNewPage` என்பதை `True` என்றும் வைக்க வேண்டும். பையரின் பெயர் வரிசைக்கும் அதேபோல `KeepWithGroup` மதிப்பை `After` ஆக்கினால், பெயர் தன் லாட்டுகளை விட்டுப் பிரிந்து பக்கத்தின் அடியில் தனித்து நிற்பது நின்றுவிடும். இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு முழு மாலைப்பொழுது ஆயிற்று. ஆகவேதான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

ஒவ்வொரு பையருக்கும் புதிய பக்கம் தொடங்கும்படி அமைக்கவும் முடியும். பையருக்கு இருபது முப்பது லாட்டுகள் இருக்கும் பெரிய நிறுவனங்களுக்கு அது பொருந்தும். எங்களிடம் ஏழு பையர்கள். அவர்களில் மூவருக்கு இரண்டு மூன்று லாட்டுகள்தான். அப்படிப் பிரித்தால் மூன்று வரி எழுதிய தாள்கள் கையில் சேரும். ஆகவே பக்கம் தன் போக்கில் முறியட்டும், பெயரும் தலைப்பும் மட்டும் உடன்வரட்டும் என்று விட்டுவிட்டேன். அடிக்குறிப்பில் இது எத்தனையாவது பக்கம், மொத்தம் எத்தனை பக்கம் என்பதைக் காட்டும் வரியைச் சேர்த்திருக்கிறேன். கூட்டத்தில் இரண்டாம் தாள் ஒருவருக்குக் கிடைக்காமல் போயிருந்தால் அவருக்கே அது தெரிந்துவிடும். `TotalPages` என்பது பக்கத்தின் தலைப்பகுதியிலோ அடிப்பகுதியிலோ இருந்தால்தான் வேலை செய்யும். அட்டவணைக்குள் வைத்தால் பிழை காட்டும்.

```
=Globals!PageNumber & " / " & Globals!TotalPages
```

இப்போது சனிக்கிழமைதோறும் கிடைமட்டத் தாளில் ஒரு பக்கச் சுருக்கமும், செங்குத்துத் தாளில் லாட் பட்டியலும் கொடுக்கிறேன். பட்டியலில் வரிசையின் உயரம் 0.6 சென்டிமீட்டர். மேலும் கீழும் ஓரங்கள், தலைப்பகுதி, அடிப்பகுதி எல்லாம் போக ஒரு பக்கத்தில் ஏறத்தாழ 40 வரிசைகள் பிடிக்கும் என்பதால், 46 லாட்டும் பையர் பெயர்களும் சேர்ந்து இரண்டு பக்கத்தில் முடிகின்றன. மொத்த வரிசைகள் 80ஐத் தாண்டும் வாரத்தில் மூன்றாம் பக்கம் தானாகப் பிறக்கிறது. செங்குத்தாக வைத்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. வெளியூர் போயிருக்கும் மெர்ச்சண்டைசர் இந்தப் பிடிஎஃபை வாட்ஸப்பில் பெற்றுக் கைபேசியில் பார்க்கிறார். ஏழு சென்டிமீட்டர் அகலத் திரையில் கிடைமட்ட ஏ4 நான்கில் ஒரு பங்கிற்கும் கீழே சுருங்கும். செங்குத்து ஏ4 மூன்றில் ஒரு பங்காக நிற்கும். இரண்டையும் விரலால் விரித்துத்தான் படிக்க முடியும். ஆனால் செங்குத்துப் பட்டியலைச் சற்றே விரித்தால் போதும், பக்கவாட்டில் இழுத்துக்கொண்டே போக வேண்டியதில்லை.

குறிப்புப் பத்தியில் மட்டும் ஒரு சிக்கல் இன்னும் மிச்சம் இருக்கிறது. சாயப்பட்டறையிலிருந்து வரும் குறிப்பு சில நேரம் மூன்று நான்கு வரி நீள்கிறது. அந்தக் கட்டத்தின் `CanGrow` பண்பு இயங்கினால் வரிசை உயர்ந்து பக்கத்தின் கணக்கு மாறுகிறது. நிறுத்தினால் குறிப்பு முதல் வரியோடு வெட்டுப்படுகிறது. வெட்டுப்பட்ட குறிப்பைவிடக் கூடுதலாக ஒரு பக்கம் வருவது மேல் என்று அதை இயக்கியே வைத்திருக்கிறேன். நேவி புளூ லாட்டின் எதிரே டையிங் பொறுப்பாளர் எழுதித்தந்த மூன்று வரிக் குறிப்பும் போன சனிக்கிழமை தாளில் முழுமையாக வந்திருந்தது.